மெஷின் டைம் அவுட், வாடிக்கையாளருக்குக் காசு கழிந்துவிட்டது: கடைக்காரர் எதைப் பார்ப்பது?

“ஹட்டனில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். நேற்று சாயந்திரம் ஒரு அண்ணன் 18,450 ரூபாவுக்குச் சாமான் எடுத்தார். கார்ட் மெஷினில் டைம் அவுட் என்று வந்தது, பில் வரவில்லை. ஆனால் அவருடைய போனுக்கு காசு கழிந்ததாக மெசேஜ் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு சாமானைக் கொடுத்து அனுப்பினேன். இந்தக் காசு எனக்கு வருமா? வந்ததா இல்லையா என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?”

நேற்று இரவு கடை மூடும்போது செட்டில்மென்ட் போட்டிருப்பீர்கள் இல்லையா, அந்தச் சீட்டை முதலில் எடுங்கள். அதிலுள்ள மொத்தத்தில் 18,450 சேர்ந்திருந்தால் காசு வரும். இல்லை என்றால், பெரும்பாலும் வராது. அவருடைய போனில் வந்த மெசேஜ் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, அது உங்களுக்குக் காசு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இப்படிச் சொன்னால் பல கடைக்காரர்களுக்குக் கோபம் வரும். “அவருக்குக் கழிந்த காசு எங்கேதான் போனது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வங்கியின் கார்ட் மெஷின் பிரிவில் பல வருடம் இருந்து, ஹட்டனிலிருந்து வெலிமடை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்டைச் செருகி, தொகையை அடித்து, பின் நம்பரைப் போட்டதும் மெஷின் ஒரு கேள்வியை அனுப்புகிறது. அது மெஷினுக்குள் இருக்கும் சிம் வழியாக, மெஷினைத் தந்த உங்கள் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து கார்ட் நெட்வொர்க் வழியாக, வாடிக்கையாளருக்குக் கார்ட் கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி கணக்கைப் பார்த்து, “சரி, கொடுக்கலாம்” என்று பதில் சொல்கிறது. பதில் வந்த வழியிலேயே திரும்பி உங்கள் மெஷினுக்கு வந்தால்தான் பில் அடிக்கும். மெஷின் இதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் வங்கி முன்கூட்டியே அதில் போட்டு வைத்திருக்கும். பொதுவாக அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை. அதற்குள் பதில் வராவிட்டால் திரையில் TIMEOUT என்று விழும்.

ஆகவே டைம் அவுட் என்றால் “பணம் எடுக்கப்படவில்லை” என்று அர்த்தம் இல்லை. “எனக்குப் பதில் கிடைக்கவில்லை, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது” என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். பதிவுத் தபால் அனுப்பி, ஒப்புகை அட்டை திரும்பி வராமல் போனால் எப்படியோ அப்படி. கடிதமே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அல்லது கடிதம் சேர்ந்து, அட்டை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இங்கே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். உங்கள் வாடிக்கையாளருக்கு மெசேஜ் வந்திருப்பதால், அது இந்த வியாபாரத்துக்கான மெசேஜ்தான் என்றால், நேற்று நடந்தது இரண்டாவது வகை என்று சொல்லலாம். கேள்வி அவருடைய வங்கிவரை போயிருக்கிறது. அந்த வங்கி சம்மதமும் சொல்லியிருக்கிறது. திரும்பி வரும் வழியில் பதில் விழுந்துவிட்டது.

இப்போது அந்த மெசேஜுக்கு வருவோம். கடையில் கார்ட் போடும்போது காசு அந்த நிமிடமே கணக்கிலிருந்து கணக்குக்கு நகர்ந்துவிடுவதில்லை. முதலில் அவருடைய வங்கி அந்தத் தொகையைப் பிடித்து ஒதுக்கி வைக்கிறது. டெபிட் கார்டாக இருந்தால் எடுக்கக்கூடிய மீதி குறையும். கிரெடிட் கார்டாக இருந்தால் லிமிட் குறையும். மெசேஜ் அனுப்பும் கம்பியூட்டர் இந்த இடத்திலேயே “18,450 கழிக்கப்பட்டது” என்று அனுப்பிவிடும். இரண்டாவது கட்டம் நீங்கள் செட்டில்மென்ட் போடும்போது நடக்கிறது. அன்றைய வியாபாரம் முழுவதையும் மெஷின் ஒரு கட்டாக உங்கள் வங்கிக்கு ஒப்படைக்கிறது. அதைப் பேட்ச் என்பார்கள். அந்தக் கட்டில் இருக்கும் தொகைகளுக்குத்தான் உங்கள் கணக்கில் காசு விழும். மெஷினுக்கு நேற்றுப் பதில் வரவில்லை, எனவே அது 18,450ஐக் கட்டில் சேர்த்திருக்காது. அவர் பக்கம் ஒதுக்கி வைக்கப்பட்ட காசு உங்கள் பக்கம் யாரும் கேட்காமலே கிடக்கும். கேட்க ஆளில்லாவிட்டால் கொஞ்ச நாளில் அது அவருக்கே திரும்பிப் போய்விடும். “எங்கே போனது” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அது எங்கேயும் போகவில்லை, அவருடைய வங்கியிலேயேதான் இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மெஷின் டைம் அவுட் ஆன பிறகு சும்மா இருப்பதில்லை. “நான் இப்போது அனுப்பியதற்குப் பதில் கிடைக்கவில்லை, அது நிறைவேறியிருந்தால் ரத்துச் செய்துவிடுங்கள்” என்று ஒரு செய்தியைத் தயார்செய்து தன் நினைவில் வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ரிவர்சல். சிக்னல் இருந்தால் உடனே அனுப்பப் பார்க்கும். போகாவிட்டால், அடுத்த கார்டைப் போடும்போது, அந்த வியாபாரத்துக்கு முன்னால் இந்த ரத்துச் செய்தியைத்தான் முதலில் அனுப்பும். செட்டில்மென்ட் போடும்போதும் அப்படித்தான். கவனித்துப் பார்த்தால் திரையில் ஒரு விநாடி REVERSAL என்று ஏதாவது எழுத்து வந்து போகும். பெரும்பாலான மெஷின்கள் இந்தச் செய்தி போய்ச் சேராமல் அடுத்த வியாபாரத்தைச் செய்யவே விடாது. ஆகவே டைம் அவுட்டுக்குப் பிறகு அதே மெஷினில் வேறொரு கார்ட் ஒழுங்காக வேலைசெய்திருந்தால், அல்லது செட்டில்மென்ட் ஒழுங்காகப் போயிருந்தால், முந்தியது ரத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதில் பெரிய தவறு வராது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரத்துச் செய்தி போகாமல் மெஷின் முடங்கி நிற்கும்போது சில கடைக்காரர்கள் டெக்னீஷியனைக் கூப்பிடுவார்கள். அவர் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் CLEAR REVERSAL கொடுத்துவிடுவார். மெஷின் உடனே வேலைசெய்யும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ரத்துச் செய்தி யாருக்கும் போய்ச் சேராமல் அழிந்துவிட்டது. வாடிக்கையாளரின் காசு பல நாளைக்குப் பிடிபட்டுக் கிடக்கும் கதைகளில் சிலவற்றுக்குப் பின்னால் இது இருக்கிறது. உங்கள் மெஷினுக்கு யாராவது இப்படிச் செய்தால், எந்தத் தொகை அழிக்கப்பட்டது என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கவுன்டரில் நிற்கும்போது உண்மை நிலையை எப்படிப் பார்ப்பது? முதல் வேலை, கடைசி பில்லை மறுபடி அடிப்பது. மெனுவில் REPRINT என்றோ LAST RECEIPT என்றோ இருக்கும். வரும் பில் இந்த 18,450 என்றால் விஷயம் முடிந்தது, அது நிறைவேறிய வியாபாரம். முந்திய வாடிக்கையாளரின் தொகை வந்தால், மெஷின் கணக்கில் இது ஏறவில்லை. பேப்பர் ரோல் முடிந்து பில் வராமல் போனதற்கும் டைம் அவுட்டுக்கும் உள்ள வித்தியாசமும் இந்த இடத்தில் தெரிந்துவிடும். ரோல் முடிந்த சந்தர்ப்பத்தில் பதில் வந்துவிட்டது, வியாபாரம் கட்டில் ஏறிவிட்டது, அச்சடிக்க மட்டும்தான் முடியவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே தொகையை இரண்டு முறை போட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது DETAIL REPORT. சில மெஷின்களில் AUDIT REPORT என்று இருக்கும். செட்டில்மென்ட் போடுவதற்கு முன்னால் அன்றைய கட்டில் உள்ள ஒவ்வொரு வியாபாரத்தையும் இது வரி வரியாக அடித்துத் தரும். தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், வங்கி தந்த ஆறு எழுத்து அனுமதிக் குறியீடு எல்லாம் இருக்கும். செட்டில்மென்ட் போட்ட பிறகு பல மெஷின்களில் இந்தப் பட்டியல் அழிந்துவிடும், மொத்தத் தொகை உள்ள சீட்டு மட்டும் கையில் மிஞ்சும். அதனால் டைம் அவுட் ஆன நாளில் மூடுவதற்கு முன் DETAIL REPORT ஒன்றை அடித்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பேப்பர் வெப்பத்தில் அச்சாவது. தேநீர் அடுப்புப் பக்கம் வைத்தால் ஒரே நாளில் கறுத்துவிடும், மேசை லாச்சியில் போட்டு வைத்தாலும் மாதக்கணக்கில் மங்கிவிடும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் சொல்வது உங்கள் பக்கத்துக் கதை மட்டும்தான். முழு நிலையும் தெரியவேண்டும் என்றால் வங்கிக்கு எடுக்க வேண்டும். எந்த வங்கிக்கு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் எடுக்கவேண்டியது மெஷினைத் தந்த வங்கிக்கு. நம்பர் மெஷினிலேயே ஒட்டியிருக்கும். வாடிக்கையாளரின் வங்கி உங்களோடு பேசாது, பேசவும் கூடாது. அது அவர் எடுக்கவேண்டிய அழைப்பு. உங்கள் வங்கிக்கு எடுக்கும்போது கையில் இருக்கவேண்டியவை: மெஷினின் எட்டு இலக்க TID, கடையின் MID (இரண்டும் எந்தப் பழைய பில்லின் தலைப்பிலும் இருக்கும்), தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், நேரம். நேரத்தை வாடிக்கையாளரின் மெசேஜைப் பார்த்தே சொல்லுங்கள். மெஷின் கடிகாரம் சில நேரம் தப்பாக ஓடும். சிலர் RRN நம்பரும் கேட்பார்கள். அது பன்னிரண்டு இலக்கம், பில்லில் வரும். டைம் அவுட்டில் பில்லே இல்லாததால் உங்களிடம் அது இருக்காது, அதனால் “பில் வரவில்லை, TIDயும் நேரமும் வைத்துத் தேடுங்கள்” என்று சொல்ல வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. “காசு வருமா மிஸ்” என்று கேட்டால் “மூன்று நாள் பாருங்கள் சார்” என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: “மிஸ், இந்த TIDயில் நேற்று சாயந்திரம் 5.20க்கு 18,450க்கு ஒரு ரிக்குவெஸ்ட் வந்திருக்கிறதா? அதற்கு அனுமதி கிடைத்திருக்கிறதா, மறுப்பா? அனுமதி என்றால் ரிவர்சல் வந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு? இப்போது அது என்னுடைய பேட்ச்சில் இருக்கிறதா இல்லையா?” இந்த நான்கு கேள்விக்கும் அவர்கள் திரையில் பதில் இருக்கும். அனுமதி கிடைத்தது, ரிவர்சலும் வந்தது என்றால் உங்களுக்குக் காசு இல்லை, அவருக்குத் திரும்பும். அனுமதி கிடைத்தது, ரிவர்சல் வரவில்லை, பேட்ச்சிலும் இல்லை என்றால் அது நடுவழியில் தொங்குகிறது. அதற்கு ஒரு முறைப்பாட்டு இலக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ரிக்குவெஸ்டே வரவில்லை என்று சொன்னால், வாடிக்கையாளரின் மெசேஜை இன்னொரு முறை கவனமாகப் பாருங்கள். அது வேறு கடையில் வாங்கியதாகவோ, முந்தைய நாளின் மெசேஜாகவோ இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பழைய மெசேஜைக் காட்டிச் சாமான் எடுத்துப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். தலவாக்கலையில் ஒரு துணிக்கடை, தீபாவளிக்கு முந்திய வாரம், கடை நிறைய ஆள். 12,600 ரூபாவுக்கு ஒரு பில். சாயந்திரம் 6.12க்கு கார்ட் போட்டார்கள். மெஷினில் டைம் அவுட், அவருடைய போனில் 12,600 கழிந்ததாக மெசேஜ். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். “அண்ணே, இன்னொரு தரம் போட்டுப் பார்ப்போமா?” என்று கடைப் பையன் கேட்க, அவரும் சரி என்றார். 6.16க்கு மறுபடி போட்டார்கள். இந்த முறை பில் வந்தது, இரண்டாவது மெசேஜும் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மொத்தம் 25,200 கழிந்ததாக இரண்டு மெசேஜ். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றுவிட்டார். முதலாளி நல்ல மனிதர். பெயர் கெட்டுவிடக்கூடாது என்று கல்லாவிலிருந்து 12,600ஐ எண்ணிக்கொண்டிருந்தார். வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்த நான், ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.

முந்தைய இரவு எடுத்திருந்த பட்டியலில் 12,600 ஒரே ஒரு முறைதான் இருந்தது. வங்கிக்கு எடுத்தோம். முதலாவது 6.12க்கு அனுமதி பெற்றிருக்கிறது. 6.16க்கு ரிவர்சல் வந்திருக்கிறது. அதாவது இரண்டாவது முறை கார்டைப் போட்டபோது மெஷின் பழையதை ரத்துச் செய்துவிட்டுத்தான் புதியதை அனுப்பியிருக்கிறது. பிறகு ஏன் அவருக்கு இரண்டு மெசேஜ்? கழித்தபோது மெசேஜ் அனுப்பிய அவருடைய வங்கி, திருப்பி விட்டபோது மெசேஜ் அனுப்பவில்லை. பல வங்கிகள் அப்படித்தான். அவரைப் பக்கத்து ஏ.டி.எம்முக்கு அனுப்பி மீதியைப் பார்க்கச் சொன்னோம். 12,600தான் குறைந்திருந்தது. அந்தக் காசை எண்ணிக் கொடுத்திருந்தால் முதலாளிக்கு நட்டம் 12,600. அதைத் திரும்ப வாங்க ஒரு வழியும் இருந்திருக்காது.

ஆகவே கையிலிருந்து காசு கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். மெஷினில் ரிஃபண்ட் போடுவதும் அதேதான். உங்கள் கட்டில் ஏறாத ஒரு வியாபாரத்துக்கு ரிஃபண்ட் போட்டால், உங்களுக்கு வராத காசை உங்கள் கணக்கிலிருந்து கொடுக்கிறீர்கள். VOID போட முயன்றால் மெஷின் விடாது, ஏனென்றால் ரத்துச் செய்ய அதனிடம் அப்படி ஒரு வியாபாரமே இல்லை. இன்னும் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், வங்கியிடம் அனுமதிக் குறியீட்டைக் கேட்டு வாங்கி OFFLINE முறையில் தாங்களே அடிக்கப் பார்ப்பார்கள். ரிவர்சல் ஏற்கெனவே போயிருந்தால் அந்தக் குறியீடு செத்துப்போன குறியீடு. அன்று காசு வந்தாலும், வாடிக்கையாளரின் வங்கி மறுப்புத் தெரிவித்து பிறகு பிடுங்கிக்கொள்ளும். உங்கள் வங்கியே எழுத்தில் சொன்னால் தவிர அதைத் தொடவேண்டாம்.

இதுவரை நான் உறுதியாகச் சொன்ன ஒன்றை இங்கே கொஞ்சம் தளர்த்தவேண்டும். “கட்டில் இல்லாவிட்டால் காசு வராது” என்பது, மெஷின் வைத்திருக்கும் பட்டியலையே வங்கி கடைசிக் கணக்காக எடுத்துக்கொள்ளும் அமைப்புக்குப் பொருந்தும். கடைகளில் இருக்கும் மெஷின்களில் அதிகம் அந்த வகைதான். ஆனால் வங்கியின் கம்பியூட்டரே அனுமதி கிடைத்த நிமிடத்தில் தன் பக்கத்தில் கணக்கை ஏற்றிவைக்கும் அமைப்பும் உண்டு. அதில் ரிவர்சலும் போகாமல் நின்றால், மெஷினில் இல்லாத தொகை உங்கள் கணக்கில் விழ வாய்ப்பிருக்கிறது. சாதாரணமாக செட்டில்மென்ட்டின்போது இரண்டு பக்க மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் பட்டியலை வரி வரியாக மறுபடி அனுப்பி அதைச் சரிசெய்துகொள்வார்கள். அப்படியும் தப்பி வருவது உண்டு. உங்கள் மெஷின் எந்த வகை என்பதை அந்த ஹாட்லைன் அழைப்பிலேயே கேட்டுவிடலாம். அதைவிடச் சுலபம், உங்கள் கணக்கில் விழும் வைப்பைப் பார்ப்பது.

வைப்பைப் பார்க்கும்போது 18,450 என்று ஒரு வரியைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு நாள் கட்டு முழுவதும் வங்கியின் கமிஷன் கழிந்து ஒரே தொகையாக விழும். உதாரணத்துக்கு, உங்கள் செட்டில்மென்ட் சீட்டில் மொத்தம் 41,200, கமிஷன் நூற்றுக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம். 1,030 கழிந்து 40,170 விழவேண்டும். அந்த 18,450ம் சேர்ந்திருந்தால் மொத்தம் 59,650 ஆகி, கமிஷன் போக 58,158.75 விழுந்திருக்கும். இரண்டில் எது விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் விழும். நடுவில் போயாவோ சனி ஞாயிறோ வந்தால் தள்ளிப்போகும், அதற்குள் பதற்றப்பட வேண்டாம்.

வாடிக்கையாளர் பக்கத்தில் காசு எப்போது விடுபடும் என்பதற்கு என்னால் ஒரே நாள் கணக்குச் சொல்ல முடியாது. ரிவர்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சில நிமிடத்திலேயே விடுபடும். தொங்கிக்கொண்டிருந்தால் அவருடைய வங்கி வைத்திருக்கும் கெடுவைப் பொறுத்தது, சில நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவர் அவசரப்பட்டால் அவருடைய கிளைக்குப் போய்க் கேட்கவேண்டும். நீங்கள் செய்யக்கூடிய உதவி, அந்த நாளின் DETAIL REPORT நகல் ஒன்றையும், “இந்தத் தொகை எங்கள் பேட்ச்சில் செட்டில் செய்யப்படவில்லை” என்று TID, தேதி, தொகை போட்டு கடை முத்திரை குத்திய ஒரு கடிதத்தையும் கொடுப்பது. கவுன்டரில் இருப்பவர் அதை வைத்து அவர்களுடைய கார்ட் பிரிவோடு பேச லேசாக இருக்கும்.

நம் பக்கத்தில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்று கேட்காமலே சொல்கிறேன். மலைக்கு நடுவில் ஒரு டவரை நம்பி ஒரு டவுனே இருக்கிறது. சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில், டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும், மஸ்கெலியா பக்கம் வார இறுதியில் சிக்னல் கோடு நிறைய இருக்கும், டேட்டா நகராது. ஏப்ரலில் நுவரெலியாவிலும் அப்படித்தான். போன் பேசமுடிகிறதே என்று பார்த்து ஏமாறாதீர்கள். மெஷினுக்குப் பேச்சு வேண்டாம், டேட்டா வேண்டும். மழையில் கரண்ட் போய், டவரின் பேட்டரியும் இறங்கிய நேரத்தில் கேள்வி போகும், பதில் வராது. கடைக்கு வைஃபை இருந்து, மெஷினும் அதை ஏற்குமானால், அதில் போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் மெஷினைக் கடையின் உள்மூலையிலிருந்து வாசல் பக்கம் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். டைம் அவுட் ஆனதும் மெஷினை ஆஃப் செய்வது, சிம்மைக் கழற்றிப் போடுவது எல்லாம் வேண்டாம். ரிவர்சல் போகவேண்டிய நேரத்தில் அதன் வாயை அடைக்கிற வேலை அது. கார்டைப் பாதியில் உருவ விடாதீர்கள். பதில் வரும் நேரத்தில் சிப் இல்லாவிட்டாலும் மெஷின் அந்த வியாபாரத்தை ரத்துத்தான் செய்யும், அவருக்கு மெசேஜ் வந்திருக்கும், உங்களுக்குப் பில் இருக்காது.

இனி இப்படி நடந்தால் சாமானை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், பில்லோ, பட்டியலில் வரியோ, வங்கியின் வாய்மொழியோ, மூன்றில் ஒன்று கிடைக்கும்வரை அது விற்ற சாமான் இல்லை. ஆனால் அதை முகம் கோணாமல் சொல்லலாம். “அண்ணே, உங்களுக்குக் கழிந்தது உண்மைதான், ஆனால் எங்கள் மெஷினுக்கு வந்து சேரவில்லை. பேங்க்குக்கு ஒரு கோல் எடுத்துப் பார்த்துவிடுகிறேன், பத்து நிமிடம் இருங்க” என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தெரிந்தவர், அவசரமாகப் போகவேண்டும் என்றால் போன் நம்பரையும் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பில் புத்தகத்தில் எழுதி, மெசேஜ் திரையைப் படம் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். கார்டைப் படம் எடுக்காதீர்கள், அதுவும் பின்பக்கத்தை எடுக்கவே கூடாது. நாளைக்கு அவருடைய கார்டில் வேறு எங்காவது ஏதாவது நடந்தால் கேள்வி உங்களிடம் வரும்.

நேற்றைய விஷயத்துக்கு, சீட்டின் மொத்தத்தில் 18,450 சேரவில்லை, வங்கியும் ரிவர்சல் வந்துவிட்டது என்று சொன்னால், இன்றே அவருக்கு ஒரு கோல் எடுங்கள். காசைக் கேட்பதற்கு முன்னால், “உங்கள் கணக்கில் மீதியை ஒரு தரம் பாருங்கள் அண்ணே, அந்தக் காசு திரும்பி வந்திருக்கும்” என்று அவரையே பார்க்க வையுங்கள். தன் கண்ணால் பார்த்த பிறகு கேட்டால் கொடுக்க மனம் வரும். காசாகவோ, பேங்க் டிரான்ஸ்ஃபராகவோ வாங்கிக்கொள்ளுங்கள். கார்டிலேயே தருகிறேன் என்றால் அவரே கடைக்கு வந்து புதிதாகப் போடட்டும். இன்னும் திரும்பவில்லை என்று அவர் சொன்னால், ரிவர்சல் போன நேரத்தை அவருக்கு அனுப்பி, அதைச் சொல்லி அவருடைய வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். அது விடுபடும்வரை அவரை நெருக்காதீர்கள், ஏனென்றால் அவர் கையில் அந்தக் காசு உண்மையிலேயே இல்லை.